உடைத்தால் வாங்கு: எதை, எப்போது, எவ்வளவு?

சார்ட் பார்த்துப் பங்கு வாங்குகிற யாரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இது வந்துவிடும்: "நல்லா ஏறிக்கிட்டிருக்கிற பங்கு கொஞ்ச நாள் ஒரே இடத்துல நின்னுட்டு, ரெசிஸ்டன்ஸை வால்யூமோட உடைச்சா வாங்கணும் சார்." இதற்குப் பெயர் பிரேக் அவுட். ஆனால் இதே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரே சார்ட்டில் ஒருவர் வாங்குவார், பக்கத்தில் இருப்பவர் ஒதுங்குவார். இருவருமே விதிப்படி நடந்ததாகச் சொல்வார்கள். கம்ப்யூட்டரிடம் அது செல்லாது. 'கொஞ்ச நாள்' என்றால் எத்தனை நாள் என்று சொல்லாமல் அது ஒரு அடிகூட நகராது.

இந்தப் பழக்கத்தை எண்ணாக மாற்றிய பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1983-இல் சிகாகோ வணிகர் ரிச்சர்ட் டென்னிஸும் அவருடைய கூட்டாளி வில்லியம் எக்கார்ட்டும், வணிகம் கற்றுக்கொடுத்தால் வருமா வராதா என்று வாதிட்டார்கள். தீர்த்துக்கொள்ள, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் புது ஆட்களைச் சேர்த்தார் டென்னிஸ். அவர்களுக்குத்தான் 'டர்ட்டில்ஸ்' என்று பெயர். இரண்டு வாரப் பயிற்சியில் அவர்களுக்குக் கிடைத்த விதிகளில் ஒன்று, 20 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு, 10 நாள் தாழ்வுக்குக் கீழே போனால் வெளியே வா என்பது. ரெசிஸ்டன்ஸ் எங்கே என்று அதற்குமேல் யாரும் சண்டை போட முடியாது.

நாமும் அந்த வழியிலேயே போகலாம், நம் ஊர் வாக்கியத்தைக் கொஞ்சம் கூடச் சேர்த்துக்கொண்டு. 'ஏறிக்கொண்டிருக்கிற பங்கு' என்பதற்கு, இன்றைய முடிவு விலை 200 நாள் சராசரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரெசிஸ்டன்ஸ் என்பது இதற்கு முந்தைய 20 நாட்களின் உச்ச விலை. 'உடைப்பது' என்றால் நாள் முடிவில் அதற்கு மேலே நிற்பது. டர்ட்டில்ஸ் நாள் நடுவில் தாண்டினாலே வாங்கினார்கள். நாம் முடிவு விலை வரை காத்திருப்பதால் சில பொய் உடைப்புகள் கழியும், பதிலுக்குக் கொஞ்சம் அதிக விலை கொடுக்க நேரும். 'வால்யூமோடு' என்பதற்கு, முந்தைய 20 நாள் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல்.

```python
hi20  = df["High"].rolling(20).max().shift(1)
lo10  = df["Low"].rolling(10).min().shift(1)
vol20 = df["Volume"].rolling(20).mean().shift(1)
ma200 = df["Close"].rolling(200).mean()

buy  = ((df["Close"] > hi20)
        & (df["Volume"] > 1.5 * vol20)
        & (df["Close"] > ma200))
sell = df["Close"] < lo10
```

இதில் `shift(1)` என்பதை முதல் வரியில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? இன்றைய உச்சமும் அந்த 20 நாள் கணக்கில் சேர்ந்துவிடும். எந்த நாளிலும் முடிவு விலை அந்த நாளின் உச்சத்தைத் தாண்ட முடியாது. ஆகவே பத்து வருட டேட்டா கொடுத்தாலும் ஒரு சிக்னல்கூட வராது. இது உடனே தெரிந்துவிடுகிற தவறு என்பதால் பரவாயில்லை. ஆபத்தான தவறு வேறு: இன்றைய முடிவு விலையைப் பார்த்து சிக்னல் எடுத்து, இன்று காலைத் தொடக்க விலைக்கே வாங்கியதாகக் கணக்கு எழுதுவது. நாளைய செய்தியை இன்றே படித்த மாதிரி. லாபம் அபாரமாக வரும், சந்தேகமும் வராது. சிக்னல் இன்று, வாங்குவது நாளைத் தொடக்க விலையில் என்பதை மாற்றவே கூடாது.

கற்பனையான ஒரு பங்கை வைத்து ஒரு வியாபாரத்தை ஓட்டிப் பார்ப்போம். முந்தைய 20 நாள் உச்சம் 512 ரூபாய். செவ்வாய்க்கிழமை 518-இல் முடிகிறது. சராசரி வால்யூம் 4 லட்சம், அன்று 7 லட்சம். 200 நாள் சராசரி 455. எல்லாம் பொருந்துகிறது. புதன் காலை 521-இல் வாங்குகிறோம். பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று சொல்கிற ஏ.டி.ஆர். அளவு 11 ரூபாய் என்று கொள்வோம். அதைப் போல இரண்டு மடங்கு கீழே, 499-இல் ஸ்டாப் லாஸ். பிறகு பங்கு ஏற ஏற 10 நாள் தாழ்வும் மேலே வருகிறது. ஒரு நாள் அந்தத் தாழ்வு 559, முடிவு விலை 556. மறுநாள் காலை 553-இல் விற்கிறோம். 22 ரூபாய் ஆபத்துக்கு 32 ரூபாய் லாபம். டெலிவரி வணிகத்தில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்.டி.டி. உண்டு, அதுவே ஒரு ரூபாய்க்கு மேல் போகும். புரோக்கர் கட்டணம் தனி. இடையில் ஒரு காலை பங்கு 490-இல் திறந்திருந்தால், 499-இல் விற்றதாக எழுதக் கூடாது. கிடைத்திருக்கக்கூடிய விலை 490தான்.

கோடு ஓடத் தொடங்கியதும் எல்லோரும் நேராக லாபக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சார்ட்டின் வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாக நகர்த்தி, உங்கள் கண்ணுக்குப் பிரேக் அவுட் என்று படுகிற தேதிகளைக் குறியுங்கள். பிறகு கோடு கொடுத்த தேதிகளோடு ஒப்பிடுங்கள்.

கண் குறித்து, கோடு விட்ட இடங்கள் சில இருக்கும். அங்கே கண் வேறு எதையோ பார்த்திருக்கிறது. பெரும்பாலும் அது நெருக்கம்: 20 நாளும் பங்கு குறுகிய பட்டைக்குள் நின்றிருக்கும். அதுதான் காரணம் என்றால் அதையும் எண்ணாக்கலாம், 20 நாள் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைவெளி விலையில் 10 சதவீதத்துக்குள் என்று. கோடு குறித்து, கண் விட்ட இடங்கள்தான் சுவாரசியமானவை. மறைப்பை எடுத்துப் பார்த்தால் அவற்றில் பல, உடைத்த மூன்றாம் நாளே விழுந்த பிரேக் அவுட்டுகள். பழைய, முழு சார்ட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கண், தோற்றவற்றைக் கணக்கில் எடுக்காமலே பழகியிருக்கிறது. இந்த மாதிரி விதிகளில் பாதிக்கு மேல் நஷ்டத்தில் முடிவது வாடிக்கை. சில பெரிய ஏற்றங்கள் வந்து மொத்தக் கணக்கையும் தூக்கிவிட வேண்டும்.

டேட்டாவிலும் இதே மறதி உண்டு. இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துப் பழைய வருடங்களில் சோதித்தால், தோற்று வெளியேறியவை பட்டியலிலேயே இருக்காது. யெஸ் பேங்க் 2020 மார்ச் வரை நிஃப்டியில் இருந்தது. 2018-இல் 400 ரூபாய்க்கு அருகில் இருந்த அந்தப் பங்கு, 2020 மார்ச்சில் ஒரு கட்டத்தில் ஒற்றை இலக்கத்தைத் தொட்டது. போனஸ், ஸ்ப்ளிட் திருத்தம் செய்யாத டேட்டாவும் ஏமாற்றும். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது விலை பாதியானது. திருத்தாத சார்ட்டில் கோடு அதை வீழ்ச்சி என்று நினைத்து விற்றிருக்கும்.

எண்களை மாற்றிப் பார்க்கிற ஆசை அடுத்து வரும். மாற்றுங்கள், ஆனால் 2010 முதல் 2019 வரையிலான டேட்டாவில் மட்டும். அதற்குப் பிந்தைய வருடங்களைத் தொடாமல் வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். 20-க்குப் பதில் 18, 22, 25 வைத்தாலும் முடிவு ஏறக்குறைய அதே மாதிரி வந்தால் விதியில் ஏதோ இருக்கிறது. 23-இல் மட்டும் அபாரமாக வந்து, 22-இலும் 24-இலும் நஷ்டம் என்றால் அது அந்தப் பத்து வருடத்துக்கு மட்டும் பொருந்திய தற்செயல். தூக்கிப் போட்டுவிடலாம்.

எல்லாம் தேறிய பிறகும் லாப சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். தொடர்ச்சியாக எத்தனை முறை நஷ்டம் வந்தது என்பதையும் அந்தப் பட்டியலில் எண்ணிப் பாருங்கள். அத்தனை நஷ்டத்துக்குப் பிறகு அடுத்த சிக்னலில் வாங்கக் கை வராது என்று தோன்றினால், ஒரு வியாபாரத்துக்கு ஒதுக்கும் பணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.