முதலில் அட்டவணை, பிறகு வரைபடம்

ஒரு டிஷ் ஆன்டெனாவை மோட்டார் திருப்புகிறது. எந்தக் கோணத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் சொல்கிறோம். இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சென்சார் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது. எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதுதான் கெயின். கணக்கில் அதன் பெயர் K. அது குறைவாக இருந்தால் ஆன்டெனா மெதுவாக நகரும். கூட்டினால் வேகம் பிடிக்கும். இன்னும் கூட்டினால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபக்கமும் தாண்டி, ஓயாமல் ஆடும்.

எந்த K-யில் அந்த ஆட்டம் அடங்காமல் போகும்? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் ரூத் அட்டவணை இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்கிறது, ரூட் லோகஸ் படத்தால் சொல்கிறது. மாணவர்கள் இரண்டையும் இரண்டு தனிப் பாடங்களாகப் படித்துவிட்டு, படத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே கணக்கில் அட்டவணையை முதலில் போட்டால் படத்தின் முக்கியமான புள்ளி கையில் வந்துவிடும். நம் ஆன்டெனாவுக்கு இந்தச் சார்பை வைத்துக்கொள்வோம்:

```
G(s) = K / [ s(s+2)(s+4) ],   H(s) = 1
```

முதல் வேலை, 1 + G(s)H(s) = 0 என்று எழுதி விரிப்பது. கிடைப்பது s³ + 6s² + 8s + K = 0. அவசரத்தில் G-யின் பகுதியை மட்டும் எடுத்து அட்டவணை போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் K காணாமல் போகும். சமன்பாட்டில் K இல்லையென்றால் தவறு அங்கேதான். இந்தச் சமன்பாட்டின் ஒவ்வொரு மூலமும் ஆன்டெனாவின் அசைவில் ஒரு பங்கு. மூலத்தின் மெய்ப்பகுதி எதிர்க்குறியாக இருந்தால் அந்தப் பங்கு தேய்ந்து மறையும், நேர்க்குறியாக இருந்தால் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே மூலங்கள் எல்லாமே கற்பனை அச்சுக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கெழுக்களை ஒரு பார்வை பார்ப்பது. ஏதாவது ஒரு அடுக்கு விடுபட்டிருந்தாலோ, ஒரு கெழு மட்டும் குறி மாறியிருந்தாலோ அந்த அமைப்பு நிலையானதல்ல. ஆனால் எல்லாம் நேர்க்குறி என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. s³ + s² + 2s + 8 = 0 என்பதில் ஒரு எதிர்க்குறிகூட இல்லை. அதைக் காரணிப்படுத்தினால் (s + 2)(s² − s + 4) வருகிறது. இரண்டாவது காரணியின் இரு மூலங்களுக்கும் மெய்ப்பகுதி +0.5. வெளியே தெரியாத இந்த மூலங்களைப் பிடிக்கத்தான் அட்டவணை.

இதற்குப் பின்னால் ஒரு பழைய போட்டி இருக்கிறது. 1854-இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் எட்வர்ட் ரூத் முதலிடம். இரண்டாம் இடம் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லுக்கு. நீராவி எந்திரங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்கள் ஏன் சில நேரம் ஆடுகின்றன என்று மேக்ஸ்வெல் 1868-இல் எழுதினார். மூன்றாம் படிச் சமன்பாடு வரை அவரால் விதி சொல்ல முடிந்தது. எந்தப் படிக்கும் பொருந்தும் முறையை 1877-இல் தந்தவர் ரூத்.

அட்டவணை போடுவது மூன்றாவது படி. முதல் இரு நிரைகளில் கெழுக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எழுதுகிறோம். மூன்றாவது நிரைக்கு, மேலே உள்ள நான்கு எண்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்து, உடனடியாக மேலுள்ள முதல் எண்ணால் வகுக்கிறோம்.

```
s³ |  1            8
s² |  6            K
s¹ |  (48 - K)/6   0
s⁰ |  K
```

முதல் நிரலை மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். எத்தனை முறை குறி மாறுகிறதோ அத்தனை மூலங்கள் வலப்பக்கம். K = 60 என்றால் வரிசை 1, 6, −2, 60. ஒரு எதிர்க்குறிதானே என்று ஒரு மூலம் என எழுதக்கூடாது. பிளஸிலிருந்து மைனஸ், மைனஸிலிருந்து மறுபடி பிளஸ், ஆக இரண்டு. குறியே மாறாமல் இருக்க K பூஜ்யத்துக்கும் 48-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

நான்காவது, எல்லையிலேயே போய் நிற்பது. K = 48 ஆனதும் s¹ நிரை முழுவதும் பூஜ்யம். அப்போது மேல் நிரையிலிருந்து துணைச் சமன்பாடு எழுதுகிறோம்: 6s² + 48 = 0. விடை s = ±j2.83. அதாவது ஆன்டெனா அடங்காமலும் வளராமலும், வினாடிக்கு 2.83 ரேடியன் என்ற வேகத்தில், ஏறக்குறைய 2.2 வினாடிக்கு ஒரு முறை ஆடிக்கொண்டிருக்கும். (நிரையில் முதல் எண் மட்டும் பூஜ்யமாகி மற்றவை இருந்தால் கதை வேறு; அங்கே பூஜ்யத்துக்குப் பதில் ε என்ற மிகச் சிறிய எண்ணைப் போட்டுத் தொடர வேண்டும்.) 48, 2.83 இரண்டையும் ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரைபடம். K-யைப் பூஜ்யத்திலிருந்து கூட்டிக்கொண்டே போனால் மூலங்கள் எந்தப் பாதையில் நகரும் என்பதை வரைய, 1948-இல் விதிகள் வகுத்தவர் அமெரிக்க விமானத் துறைப் பொறியாளர் வால்டர் எவன்ஸ். அவர் விதிகளுக்கு முன் என் விதி ஒன்று: இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். இல்லையென்றால் கோணம் எதுவும் சரியாக விழாது.

0, −2, −4 ஆகிய போல்களில் பெருக்கல் குறி போடுங்கள். பாதைகள் மூன்றும் அங்கிருந்துதான் கிளம்பும். மெய் அச்சில் ஓர் இடத்துக்கு வலப்பக்கம் உள்ள போல், ஜீரோக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் அந்த இடம் பாதையில் சேரும். எனவே 0 முதல் −2 வரையும், −4-க்கு இடப்பக்கம் முழுவதும் தடித்த கோடு. அடுத்து தொலைத் தொடுகோடுகள்: போல்களின் கூடுதல் −6, மூன்றால் வகுக்க −2, அந்தப் புள்ளியிலிருந்து 60, 180, 300 டிகிரியில் மூன்று கோடுகளைப் புள்ளியிட்டு வரையலாம்.

0-விலிருந்தும் −2-விலிருந்தும் எதிரெதிரே வரும் இரு மூலங்கள் மோதிப் பிரியும் இடத்துக்கு K = −(s³ + 6s² + 8s) என்பதை வகையிட வேண்டும். 3s² + 12s + 8 = 0 என்பதற்கு −0.845, −3.155 என இரண்டு விடை வரும். இரண்டாவது, தடித்த கோட்டில் இல்லை, தள்ளிவிடலாம். பிரியும் புள்ளியில் K ஏறக்குறைய 3.08. அதற்குக் கீழே ஆன்டெனா ஆடாமல் போய் நிற்கும். மேலே போனால் ஆடி அடங்கும்.

கடைசியாகக் கற்பனை அச்சைக் கடக்கும் இடம். படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 60 டிகிரித் தொடுகோடு அச்சை வெட்டுவது 3.46-இல், வளைவை அதன் மேலேயே ஓட்டி அங்கே கடக்கவிட்டுவிடுகிறார்கள். வளைவு கடப்பது ஓரத்தில் குறித்த 2.83-இல், தொடுகோட்டுக்குக் கீழே, நெருங்குவதெல்லாம் அதற்கப்புறம்தான். சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. எந்த K-க்கும் மூன்று மூலங்களின் கூடுதல் −6. கடக்கும் இரண்டின் கூடுதல் பூஜ்யம் என்பதால் மூன்றாவது −6-இல் இருக்க வேண்டும். s = −6 என்று போட்டுப் பாருங்கள்: −216 + 216 − 48 + K = 0. K = 48.

விடை சரி என்பதற்காக K = 47 வைத்துவிடக் கூடாது. அட்டவணை அதையும் நிலையானது என்றே சொல்லும், ஆன்டெனாவோ வெகுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். K = 24 என்றால் எல்லைக்கு இரண்டு மடங்கு, அதாவது 6 டெசிபெல், இடைவெளி கிடைக்கிறது. இன்னொரு வரம்பும் உண்டு. சென்சார் தகவல் தாமதமாக வந்தால் சமன்பாட்டில் e^(−sT) நுழைந்துவிடும். அது பல்லுறுப்புக் கோவை அல்லாததால் ரூத் அட்டவணையில் நேரடியாக ஏறாது. தாமதம் கூடக்கூட உண்மையான எல்லை 48-க்குக் கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை நைக்விஸ்ட் அல்லது போடே வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும்.