சுருங்கிய நுரையீரல்: குழாயா, காத்திருப்பா?

கல்லூரி விடுதியில் கட்டிலில் சாய்ந்தபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான் அந்த 21 வயது இளைஞன். ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லியான உடம்பு. ஓடவில்லை, பளு தூக்கவில்லை, எங்கும் விழவுமில்லை. திடீரென்று வலது மார்பில் சுருக்கென்று ஒரு வலி. மூச்சை இழுத்தால் வலி கூடியது, தோள்பட்டை வரை பரவியது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான். மறுநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியபிறகுதான் மருத்துவமனைக்குப் போனான்.

இந்த நோய்க்கு ‘நியூமோதொராக்ஸ்’ என்று பெயர். நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்து, நுரையீரலை உள்ளே சுருங்க வைத்துவிடுகிறது. அடிபடாமலும், ஏற்கெனவே நுரையீரல் நோய் இல்லாமலும் தானாக வரும் இந்த வகை, உயரமான ஒல்லி இளைஞர்களிடம்தான் அதிகம். இவர்களில் பலருக்கு நுரையீரலின் உச்சியில் மெல்லிய சுவர் கொண்ட சிறு காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். நிமிர்ந்து நிற்கும் உடலில் உச்சிப் பகுதியை வெளிநோக்கி இழுக்கும் விசை, அடிப்பகுதியைவிட அதிகம். உயரம் கூடக்கூட அந்த வேறுபாடும் கூடும் என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். கொப்புளம் ஒன்று கிழிந்தால் காற்று கசிகிறது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு.

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை இரு பக்கமும் மாறி மாறி வைத்துக் கேட்டார். வலப்பக்கம் மூச்சொலி மங்கலாக இருந்தது. விரலால் தட்டினால் வெற்றுப் பாத்திரம்போல் கூடுதலாக அதிர்ந்தது. அடுத்து, நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே. அதில் மார்பு விளிம்புக்கு உள்ளே, முடி போன்ற மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. அதுதான் சுருங்கிய நுரையீரலின் ஓரம். கோட்டுக்கு வெளியே ரத்தக்குழாய்களின் தடமே இல்லாத கறுப்பு. படுக்க வைத்து எடுக்கும் படத்தில் இந்தக் கோடு எளிதில் தப்பிவிடும்.

இடைவெளி 3 செ.மீ. இருந்தது. முன்பெல்லாம் 2 செ.மீ. தாண்டினாலே காற்றை வெளியே எடுப்பதுதான் வழக்கம். இப்போது படத்தின் அளவைவிட, ஆள் எப்படி இருக்கிறார் என்பதற்கே முதலிடம். பிரிட்டனின் மார்புநோய் மருத்துவர் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

“தம்பி, இப்போதைக்குக் குழாய் வேண்டாம். நாலு மணி நேரம் இங்கேயே இருங்க, இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம்” என்றார் மருத்துவர். ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு இரண்டும் சரியாக இருந்தன. இரண்டாவது படத்தில் இடைவெளி கூடவில்லை. வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்.

இது அலட்சியம் அல்ல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 316 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. காத்திருந்த குழுவில் 100க்குச் சுமார் 85 பேருக்குக் குழாயே தேவைப்படவில்லை. எட்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு நுரையீரல் முழுதாக விரிந்தது. சிலர் மறுபரிசோதனைக்கு வராததால் அந்தக் கணக்கில் கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனாலும் வலியும் தொற்றும் தரக்கூடிய குழாயை இத்தனை பேர் தவிர்க்க முடிந்தது பெரிய விஷயம். கசிவு நின்றுவிட்டால், தேங்கிய காற்றை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும்.

மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்க முடியாது. ஊசி வழியே காற்றை உறிஞ்சி எடுப்பார்கள், அல்லது விலா இடுக்கில் மெல்லிய குழாய் செருகி, அதன் மறுமுனையைப் பாட்டில் தண்ணீருக்குள் அமிழ்த்துவார்கள். காற்று குமிழியாக வெளியேறும். தண்ணீர் தடுப்பதால் திரும்ப உள்ளே போகாது. குமிழி வரும்வரை கசிவு நிற்கவில்லை என்று பொருள். அப்போது குழாயைக் கிளிப் போட்டு அடைப்பது ஆபத்து. உள்ளே சேரும் காற்றின் அழுத்தம் இதயத்தையே நெருக்கி, ரத்த அழுத்தம் சரியலாம். அந்த நிலை வந்துவிட்டால் எக்ஸ்ரேக்குக்கூடக் காத்திருக்காமல் ஊசி குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

நம் நாட்டில் காசநோயாலும் நுரையீரல் இப்படிச் சுருங்குவதுண்டு. நாள்பட்ட இருமல், எடைக் குறைவு இருந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல்முறை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடி வருகிறது, பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள். மீண்டும் வந்தால், சிறு துளை வழியே கேமரா செலுத்திக் கொப்புளத்தை வெட்டி எடுத்து, நுரையீரலை மார்புச் சுவரோடு ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. முழுதாக விரிந்ததை எக்ஸ்ரே காட்டும்வரை விமானம் ஏறக் கூடாது. ஆழ்கடல் டைவிங்கைப் பொதுவாக வாழ்நாள் முழுக்கத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒல்லியான, உயரமான பிள்ளை ஒரு பக்க மார்புவலி என்று சொன்னால் அன்றைக்கே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள்.