சொல்லாமல் புதுப்பித்த சந்தா: பெரும்பகுதிப் பணமாவது திரும்பி வர ஒரு கடிதம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம். ஆண்டுச் சந்தா ஒன்று தானாகப் புதுப்பித்துக்கொண்டு கார்டிலிருந்து பணம் போய்விட்டது. முன்கூட்டி ஒரு வார்த்தை வரவில்லை. கோபம் நியாயமானதுதான். ஆனால் கடிதத்தைப் படிக்கப்போகிறவர் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நாள் முழுக்க இப்படிப்பட்ட கடிதங்களைப் பார்ப்பவர். எவ்வளவு பணம், எந்தத் தேதி, எந்தக் காரணம் என்று அவர் மேலதிகாரிக்கு ஒரே வரியில் சொல்ல முடிந்தால் வேலை நடக்கும். அந்த ஒரு வரியை அவர் கையில் கொடுப்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பார்க்கலாம். மதுரையில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை ஒருவர், பாடப் படங்கள் வரைய ஒரு இணையச் சேவையில் ஆண்டுச் சந்தா கட்டியிருந்தார் என்று வையுங்கள். ஆண்டுக்கு 4,380 ரூபாய். ஜூன் 8 அன்று அது தானாகப் புதுப்பிக்கப்பட்டது. ஜூன் 27 அன்று கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

அவர் முதலில் செய்ய வேண்டியது, கணக்குக்குள் போய்த் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவது. நிறுத்தியதைக் காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கையே அழித்துவிடக் கூடாது. ஆர்டர் எண், ரசீது, கடைசியாக எப்போது உள்நுழைந்தார் என்ற பதிவு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

அடுத்தது, பணத்தை வாங்கியது யார் என்று பார்ப்பது. கைப்பேசிச் செயலிக்குள் இருந்தபடி சந்தா கட்டியிருந்தால், பெரும்பாலும் பணத்தை எடுப்பது கூகுள் பிளே அல்லது ஆப்பிளின் ஆப் ஸ்டோர். அப்போது சேவை நிறுவனத்துக்கு எழுதினால், ‘ஸ்டோரிடம் கேளுங்கள்’ என்றுதான் பதில் வரும். ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கே கடிதம் போக வேண்டும். நம் ஆசிரியை சேவையின் இணையதளத்தில் நேரடியாகக் கட்டியவர்; எனவே சேவைக்கே எழுதலாம்.

இப்போது ‘நினைவூட்டல் வரவில்லை’ என்ற வரிக்கு வருவோம். கடிதம் முழுவதும் நிற்பது இதன்மேல்தான். பலரும் சறுக்குவதும் இங்கேதான். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து இப்படித் தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது என்பது அதில் இருக்கும். வேண்டாம் என்று மறுக்கவும் வழி இருக்கும். ஆனால் இந்தக் கடமை கார்டு கொடுத்த வங்கிக்கு உரியது, சேவை நிறுவனத்துக்கு அல்ல. ஆகவே எழுதும் முன் ஜூன் முதல் வாரத்து எஸ்எம்எஸ்களைத் தேடிப் பாருங்கள். வங்கியின் செய்தி வந்து கவனிக்காமல் போயிருந்தால், ‘எந்த அறிவிப்பும் வரவில்லை’ என்று எழுதுவது பொய்யாகிவிடும். ‘உங்களிடமிருந்து மின்னஞ்சல் வரவில்லை’ என்பது மட்டுமே உண்மை. மின்னஞ்சலில் ஸ்பேம், விளம்பரப் பெட்டிகளையும் பார்த்த பிறகே அதையும் எழுதுங்கள். வங்கியும் அனுப்பவில்லை என்றால், அது வங்கிக்குத் தனியாக எழுத வேண்டிய புகார்.

இனி தொகை. முழுப் பணத்தையும் கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த இருபது நாள் சேவை திறந்துதான் இருந்தது, ஆசிரியை இரண்டொரு முறை பயன்படுத்தியும் இருக்கிறார். முழுத் தொகையைக் கேட்டால் மறுப்பதற்கு அதுவே அவர்களுக்குக் காரணமாகிவிடும். நாள் கணக்கில் பார்த்தால், 4,380-ஐ 365-ஆல் வகுக்க ஒரு நாளுக்கு 12 ரூபாய். இருபது நாளுக்கு 240 போக, 4,140 ரூபாய் மீதி. இதற்கும் அவர்களிடம் ஒரு பதில் உண்டு: ஆண்டுத் திட்டத்தின் விலை தள்ளுபடி விலை, ஒரு மாதம் மட்டும் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சேவையின் மாதத் திட்டம் 450 ரூபாய் என்றால், அதை முழுதாகக் கழித்து 3,930 ரூபாய் கேட்பதே நல்லது. நாம் விட்டுக்கொடுப்பது 210 ரூபாய். அதற்கு ஈடாக, அவர்கள் சொல்லக்கூடிய வலுவான மறுப்பை முன்கூட்டியே எடுத்துவிடுகிறோம்.

கடிதம் இப்படி அமையலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவே.

“பொருள்: ஜூன் 8 புதுப்பிப்பு, ஆர்டர் எண் (இங்கே எண்) — ரூ. 3,930 திருப்பித் தர வேண்டுகோள்.

வணக்கம். என் ஆண்டுத் திட்டம் ஜூன் 8 அன்று தானாகப் புதுப்பிக்கப்பட்டு, என் கார்டிலிருந்து ரூ. 4,380 எடுக்கப்பட்டது. அதற்கு முன் உங்களிடமிருந்து எனக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் வரவில்லை. ஸ்பேம் பெட்டியிலும் தேடிப் பார்த்தேன். ஜூன் 27 அன்று கார்டு ஸ்டேட்மெண்டில் கண்டேன். அன்றே புதுப்பிப்பை நிறுத்திவிட்டேன். முன்பே தெரிந்திருந்தால் தொடர்ந்திருக்க மாட்டேன்.

இடைப்பட்ட நாட்களில் சேவையைச் சிறிது பயன்படுத்தினேன். அதற்காக உங்கள் ஒரு மாதக் கட்டணம் ரூ. 450-ஐக் கழித்துக்கொண்டு, மீதி ரூ. 3,930-ஐ அதே கார்டுக்குத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜூலை 7-க்குப் பின் என் அணுகலை நிறுத்திக்கொள்ளலாம். ரசீதையும், ரத்துசெய்த பக்கத்தின் படத்தையும் இணைத்துள்ளேன்.”

இதில் சட்டம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் கடிதத்துக்கு அது தேவைப்படாது. 2023-இல் வந்த இருண்ட உத்திகள் பற்றிய மத்திய அரசின் வழிகாட்டுதலில் ‘சந்தாப் பொறி’ என்று ஒரு வகை உண்டு. அது முக்கியமாக ரத்துசெய்யும் வழியை மறைப்பதையும் சிக்கலாக்குவதையும் பற்றியது. ரத்துப் பொத்தான் எளிதில் கிடைத்த ஆசிரியை அந்தச் சொல்லை எடுத்து வீசினால், அவர் சொல்லும் மற்ற உண்மைகளின் எடையும் குறையும்.

பதில் வராவிட்டாலோ, ‘எங்கள் விதிப்படி முடியாது’ என்று ஒரே வரியில் வந்தாலோ, அதே கடிதத்தை அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதன் பிறகும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கியிடம் போய்ப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடும் வழியை முதல் நாளே எடுக்க வேண்டாம். சந்தாவுக்கு முன்பு ஒப்புதல் கொடுத்தது நீங்கள்தான் என்பதால் அது நிற்பது கடினம், கணக்கும் முடக்கப்படலாம்.

பெரும்பாலும் நடுவில் ஒரு பதில் வரும்: பணத்துக்குப் பதிலாகக் கணக்கில் வரவு வைக்கிறோம், அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். வேண்டாத சேவையை இன்னும் நீட்டித்துக்கொள்வதால் யாருக்கு லாபம்? ‘நன்றி, நான் தொடரப்போவதில்லை, கார்டுக்கே ரூ. 3,930 அனுப்புங்கள்’ என்று இரண்டு வரியில், அதே மின்னஞ்சல் தொடரிலேயே பதில் எழுதுங்கள். புதிதாக ஒரு கடிதம் தொடங்கினால் ஜூன் 27 அன்றே ரத்துசெய்துவிட்டீர்கள் என்ற பதிவு அவர்கள் கண்ணில் படாமல் போகும். அந்தத் தேதிதான் இந்தக் கோரிக்கையில் உங்களுக்கு இருக்கும் உறுதியான பிடி.