உங்களுக்குத் தெரியுமா? ‘க’வும் ‘௧’வும் ஒன்றல்ல!

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வேடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறொருவரின் பத்தியை அப்படியே எடுத்து, ‘ஆலைகள்’ என்ற சொல்லில் வரும் ‘க’வுக்குப் பதில் தமிழ் எண் ஒன்றான ‘௧’வை வைக்கிறார். கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. கணினிக்கோ ‘க’ என்பது U+0B95. ‘௧’ என்பது U+0BE7. எழுத்தை எழுத்தோடு மட்டும் ஒப்பிடும் மென்பொருள், இதை வேறு சொல்லாகவே எண்ணிவிடும். சொல்லின் நடுவே அகலமே இல்லாத இடைவெளியை (U+200B) செருகினாலும் இதே கதைதான்.

இன்றைய சோதனைக் கருவிகள் இதற்கு ஏமாறுவது குறைவு. ஒப்பிடும் முன்பே மறைகுறிகளை நீக்கி, ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளை யூனிகோட் பட்டியலின்படி ஒன்றாக்கிவிட முடியும். டர்னிட்டின் கருவி, மாற்றப்பட்ட எழுத்துகளையும் மறைக்கப்பட்ட உரையையும் தனியாகக் கொடியிட்டு ஆசிரியருக்குக் காட்டுகிறது. நகலை மறைக்கச் செய்த வேலையே இப்படிச் சாட்சியாகிவிடுகிறது.

ஆனால் கொடி தீர்ப்பு அல்ல. ‘க்‌ஷ’ என்று எழுத்துகள் இணையாமல் பிரித்துக் காட்ட, U+200C என்ற மறைகுறியைத் தட்டச்சில் நியாயமாகவே இடுவார்கள். பிடிஎஃபிலிருந்து நகலெடுக்கும்போதும் மறைகுறிகள் ஒட்டிக்கொண்டு வரலாம். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் இருந்தால் தற்செயலாக இருக்கலாம். பத்திக்குப் பத்தி, சொல்லுக்குச் சொல் இருந்தால்தான் சந்தேகம் வலுக்கும். ஐயமிருந்தால் அந்தச் சொல்லை நீங்களே தட்டச்சு செய்து கோப்பில் தேடுங்கள்: கண்ணெதிரே இருந்தும் தேடலில் சிக்காவிட்டால், உள்ளே வேறு குறி இருக்கலாம்.