யார்? எந்தத் திகதிக்குள்?

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மறிச்சுக்கட்டி முஸ்லிம் மக்கள் நீண்டகாலம் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். 2009இல் போர் முடிந்தபின் மீளக்குடியேறியோரிற் பலருக்குப் புத்தளத் தொடர்பு விட்டுப்போகவில்லை. இத்தகைய ஊரில் பாடசாலைச் செயற்குழுவின் கூட்டறிக்கையை எழுதுபவர் முதலில் கேட்க வேண்டியது: பொறுப்பேற்பவர் அடுத்த மாதம் ஊரில் இருப்பாரா?

ஒழுகும் வகுப்பறை ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். "கூரையைத் திருத்தத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு எல்லோரும் தேநீர் குடித்துக் கலைந்துவிடுவார்கள். மாரி மழை வந்த பின்னரே எவரும் ஓடு வாங்கவில்லை என்பது தெரியவரும். "பொறுப்பு: குழு" என்று எழுதினாலும் அதே கதைதான்.

அதை இப்படி எழுதலாம்: "தரம் 3 வகுப்பறையில் உடைந்த 40 ஓடுகளை மாற்றுதல். பொறுப்பு: பெற்றோர் பிரதிநிதி (முழுப்பெயர்). அவர் ஊரில் இல்லாவிடில்: உபசெயலாளர். பணம்: சங்க நிதி, பொருளாளர் ஆகஸ்ட் 20இல் வழங்குவார். வேலை முடிவு: செப்டெம்பர் 15." ஒக்டோபர் மழைக்கு முன் இரண்டு வாரம் கையில் இருக்கும். "அடுத்த கூட்டத்துக்கு முன்" என்பது தவணையாகாது. கூட்டமே பிற்போடப்படலாம் அல்லவா?

கூட்டம் கலையுமுன் தீர்மானங்களை உரத்து வாசித்து, பொறுப்பேற்றவரின் சம்மதத்தைச் சபையிலேயே பெறவேண்டும். வராதவர் தலையில் வேலையைச் சுமத்தினால் அது நடவாது.

அடுத்த கூட்டத்தில் முடியாத வேலையின் பழைய திகதியை அழிக்காமல், காரணத்தோடு புதிய திகதியைக் கீழே எழுதுக. மூன்று முறை திகதி மாறியிருந்தால் ஆளைக் கடிந்துகொள்ளுமுன் பணத்துக்கான வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் வெறுமையாக இருக்கும்.