‘வீட்டில் என்ன மொழி?’ என்று கேட்டால் போதுமா?

வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் தலைமுறைக்குத் தலைமுறை தமிழ் எப்படித் தங்குகிறது என்று ஆராயும் மாணவி ஒருவர், தம்முடைய கேள்வித்தாளை அண்மையில் எனக்கு அனுப்பியிருந்தார். வானொலி நேயர்களிடம் அதைக் கொண்டு சேர்க்க முடியுமா என்பது அவர் விருப்பம். தாளின் முதல் கேள்வி, நாம் எல்லாரும் ஏதாவது ஒரு படிவத்தில் நிரப்பிய கேள்விதான்: “வீட்டில் நீங்கள் பெரும்பாலும் பேசும் மொழி எது?”

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதைத்தான் கேட்கிறது. சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2010ல் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் அதே பத்தாண்டில் 32.3லிருந்து 48.3 விழுக்காட்டுக்கு ஏறியது. ஆனால் அதே 2020 கணக்கெடுப்பில் இன்னொரு தகவலும் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்களில் 87 விழுக்காட்டினர், அடுத்த மொழியாக ஒரு தாய்மொழியையும் வீட்டில் பேசுகிறார்கள். இது எல்லா இனத்தவரையும் சேர்த்த கணக்கு. அடுத்த மொழி எது என்று கேட்காமல் விட்டிருந்தால் அத்தனை வீடுகளும் ஆங்கில வீடுகளாகவே ஏட்டில் ஏறியிருக்கும்.

நாடு முழுவதையும் எண்ணும் கணக்கெடுப்புக்கு அந்தக் கேள்வி போதும். ஒரு குடும்பத்துக்குள் தமிழ் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்க அது போதாது. ஏனென்றால் வீடு பேசுவதில்லை; வீட்டில் இருக்கும் ஆட்கள் பேசுகிறார்கள். அதுவும் ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசுகிறார்கள். ஜோஷுவா ஃபிஷ்மன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1965லேயே கேள்வியை வேறு விதமாக வைத்தார். யார், யாரிடம், எப்போது, எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேட்கச் சொன்னார்.

அப்படிக் கேட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். வீவக வீடு. பாட்டி, அப்பா, அம்மா, பதினாறு வயது மகள், ஒன்பது வயது மகன். படிவத்தை அப்பா நிரப்பினார். வீட்டு மொழி ‘தமிழ்’ என்று தயங்காமல் எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. கூடத்தில் எப்போதும் காதில் விழுவது தமிழ்தான்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டோம். இடப்பக்கம் பேசுபவர், மேலே கேட்பவர். ஐந்து பேர் ஒவ்வொருவரும் மற்ற நால்வரிடம் பேசுவதால் மொத்தம் இருபது கட்டங்கள். அப்பா பாட்டியிடம் பேசுவது ஒரு கட்டம், பாட்டி அப்பாவிடம் பேசுவது இன்னொரு கட்டம். இரண்டும் ஒரே மொழியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதால்தான் இப்படிப் பிரிப்பது.

நிரப்பி முடித்தபோது ஏழு கட்டங்களில் தமிழ், ஐந்தில் கலப்பு, எட்டில் ஆங்கிலம். பாட்டி நால்வரிடமும் தமிழ். அப்பா, அம்மா, மகள் மூவரும் பாட்டியிடம் தமிழ். அந்த ஏழும் இவைதான். அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பேசுவது கலப்பு. அம்மா பிள்ளைகள் இருவரிடமும் கலந்து பேசுகிறார். மகளும் அம்மாவிடம் அப்படியே. மற்றதெல்லாம் ஆங்கிலம். மகன் பாட்டியிடம் பேசுவதும் அதில் அடக்கம். பாட்டி, “சாப்பிட்டியாப்பா?” என்கிறார். அவன் ஆங்கிலத்தில், சாப்பிட்டாயிற்று என்கிறான். இருவருக்கும் புரிகிறது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை.

இப்போது பாட்டியின் வரிசையையும் பத்தியையும் கையால் மறைத்துப் பாருங்கள். பன்னிரண்டு கட்டங்கள் மிஞ்சும். ஐந்து கலப்பு, ஏழு ஆங்கிலம். தமிழ் மட்டும் உள்ள கட்டம் ஒன்றுகூட இல்லை. ‘தமிழ்’ என்று எழுதிய வீட்டின் தமிழ் முழுவதும் ஒரே ஒருவரைச் சுற்றி நின்றது. அப்பா தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கட்டங்களில் ஆய்வாளர் முதலில் பார்க்க வேண்டியது அக்காளும் தம்பியும் பேசும் இரண்டு கட்டங்களை. பெரியவர்களிடம் பிள்ளைகள் தமிழில் பேசுவதற்கு மரியாதை, கட்டாயம், பழக்கம் என்று பல காரணங்கள் இருக்கும். உடன்பிறந்தவர்கள் தங்களுக்குள் பேசும்போது அந்த நெருக்குதல் எதுவும் கிடையாது. எது எளிதாக வருகிறதோ அதுதான் வரும். நாளை அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பேசப்போகும் மொழிக்கு அதுவே கிட்டத்தட்ட சரியான முன்னறிகுறி.

ஒரே வீட்டில் அக்காள் பாட்டியிடம் தமிழ் பேச, தம்பி ஏன் பேசவில்லை? அதற்கும் ஒரு கேள்வி வேண்டும்: “மூன்று வயது வரை பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார்?” மகளைப் பாட்டி வளர்த்தார். மகன் பிறந்தபோது பாட்டிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அவன் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போனான். வீட்டுக்கு வந்தால் விளையாட்டுத் துணை அக்காள். அவளோ அதற்குள் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைக் கொண்டு வந்துவிட்டாள். மூத்த பிள்ளையைவிட இளைய பிள்ளைக்குக் குடும்ப மொழி குறைவாக அமைவதைப் புலம்பெயர்ந்த பல சமூகங்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே ‘உங்கள் பிள்ளைகள்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வரி ஒதுக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் நம் மொழிக்கே உரியது. “உனக்குத் தமிழ் எவ்வளவு நன்றாக வரும்?” என்று கேட்டால் பிள்ளையின் மனத்தில் தோன்றுவது பாடநூல் தமிழ். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில், ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை வைத்துக் கேட்டால் எதைப் பற்றிய பதில் என்று தெரியாது. மேற்சொன்ன மகள் தனக்கு வருவது ‘மோசமான தமிழ்’ என்றாள். ஆனால் பலதுறை மருந்தகத்தில் பாட்டிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவள் அவள்தான். தம்பிக்குத் தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண். ‘ரொம்ப நல்லா வரும்’ என்று கட்டத்தில் புள்ளடி போட்டான். பாட்டியிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. தாங்களே தந்த மதிப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இருவரையும் தலைகீழாகப் பதிவு செய்துவிடுவோம்.

இதற்கு மாற்று, வேலையைச் சொல்லிக் கேட்பது. ‘பாட்டிக்கு எங்கே வலிக்குதுன்னு கேட்டு டாக்டர்கிட்ட சொல்ல முடியுமா?’ ‘நேத்து ஸ்கூல்ல நடந்த சண்டையைத் தாத்தாகிட்ட முழுசா சொல்ல முடியுமா?’ ‘தமிழ்ல கிண்டல் பண்ணா புரியுமா? திருப்பிக் கிண்டல் பண்ண வருமா?’ கேள்விகளைப் பேச்சு வழக்கிலேயே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். செந்தமிழில் கேட்டால் பிள்ளை கேள்வித்தாளைத் தேர்வுத்தாளாக நினைத்துவிடும். இன்னும் நம்பகமான வழி, படத்தைக் காட்டிக் கதை சொல்ல வைப்பது. மெர்சர் மேயர் 1969ல் வெளியிட்ட, சொல்லே இல்லாத தவளைக் கதைப் படநூல் ஒன்று உண்டு. காணாமல்போன தவளையைச் சிறுவன் தேடுகிறான். பிள்ளைகளின் பேச்சை ஆராய எத்தனையோ மொழிகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐந்து நிமிடம் கதை சொல்ல விட்டால், பிள்ளை எந்த இடத்தில் வினைச்சொல் கிடைக்காமல் தடுமாறுகிறது என்று காதாலேயே கேட்கலாம்.

கலப்பு என்று கட்டத்தில் எழுதினோமே, அதிலும் இரண்டு வகை உண்டு. “ஹோம்வொர்க் ஃபினிஷ் பண்ணிட்டேன்” என்பதில் சொற்கள் கடன் வாங்கியவை. ‘பண்ணிட்டேன்’ என்று வாக்கியத்தை முடித்து வைப்பது தமிழ். “ஐ டோல்ட் பாட்டி ஆல்ரெடி லா” என்பதில் வாக்கியம் ஆங்கிலம், பாட்டி மட்டும் தமிழ். முதல் வகையில் தமிழ் இலக்கணம் உயிரோடு இயங்குகிறது. இரண்டாவதில் உறவுப்பெயரும் பலகாரப் பெயரும்தான் மிஞ்சியிருக்கின்றன. இரண்டையும் ‘கலப்பு’ என்ற ஒரே கட்டத்தில் போட்டால் ஆய்வு குருடாகிவிடும். தூய தமிழ் பேசாததற்காக முதல் வகைக்காரரைக் கடிந்துகொள்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பூர்வீகம் பற்றிய கேள்விகளை நம் ஊரில் தவிர்க்கவே முடியாது. பதிலளிப்பவர் எங்கே பிறந்தார், அவருடைய பெற்றோர் எங்கே, தாத்தா பாட்டி எங்கே என்று மூன்று படி கேட்க வேண்டும். தமிழகத்திலிருந்து ஐந்து ஆண்டுக்குமுன் வந்த குடும்பத்தையும், நான்கு தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பத்தையும் ஒரே குவியலில் போட்டால், புதிதாக வருபவர்களின் தமிழ் பழைய குடும்பங்களில் நடக்கும் நழுவலை மூடிவிடும். எண்ணிக்கை அசையாமல் நிற்கும். ஒவ்வொரு பழைய வீட்டிலும் மொழி மாறிக்கொண்டிருக்கும். அதேபோல், பள்ளியில் தமிழ் படித்த மலையாள, தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கே உண்டு. அவர்களிடம் ‘தாய்மொழி’ என்று கேட்டால் பள்ளிப் பாடத்தையும் சொல்லலாம், பாட்டியின் மொழியையும் சொல்லலாம். கனடா நாட்டுக் கணக்கெடுப்பு இந்தச் சொல்லுக்கு, குழந்தைப் பருவத்தில் வீட்டில் முதலில் கற்று இன்றும் புரிந்துகொள்ளும் மொழி என்று விளக்கம் தந்துவிட்டுத்தான் கேட்கிறது. நாமும் சொல்லை விட்டுவிட்டு விளக்கத்தைக் கேட்கலாம்.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். நேரலையில் என்னிடம் பேசும் அம்மாக்கள் அழகான தமிழில் பேசுவார்கள். பாடலைப் போட்டுவிட்டு அடுத்த தகவலுக்காக அவர்களைத் தொலைபேசியிலேயே காத்திருக்கச் சொன்னால், பின்னால் மகனை அதட்டுவது ஆங்கிலத்தில் கேட்கும். அவர்கள் நடிக்கவில்லை, தமிழ் வானொலியில் தமிழ் பேசுவதுதானே முறை. தமிழ் அமைப்பின் கடிதத்தோடு தமிழாசிரியர் ஒருவர் கேள்வித்தாள் நீட்டினாலும் இதே கதைதான். அதனால் கேள்விகள் இரு மொழியிலும் இருக்கட்டும். எந்த மொழித்தாளை எடுக்கிறார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். ‘எப்போதும்’, ‘அடிக்கடி’ என்ற கட்டங்களைவிட, நேற்று ஒருநாளை மட்டும் எடுத்து, காலையில் எழுப்பியது யார், என்ன மொழியில், இரவுச் சாப்பாட்டில் யார் யாரிடம் பேசினார்கள் என்று மணிவாரியாகக் கேட்பது உண்மைக்கு அருகில் கொண்டுபோகும். ‘தமிழ் முக்கியமா?’ என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே கேட்டால், ஆமாம் என்று சொன்னவர் அதற்கேற்ப மற்ற பதில்களையும் திருத்திக்கொள்வார்.

பிள்ளையைத் தனியாகக் கேட்பதும் அவசியம். பாட்டி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, ‘பாட்டி சொல்றது எல்லாம் புரியுதா?’ என்று கேட்டால் எந்தப் பேரன் இல்லை என்பான்? அந்த ஒன்பது வயதுப் பையனிடம் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதுதான் நான் கேட்டேன். பாதி புரியும் என்றான். மீதிக்கு என்ன செய்வாய் என்றேன். அக்காவைப் பார்ப்பேன் என்றான். அந்த அக்காள் அடுத்த ஆண்டு தொடக்கக்கல்லூரிக்குப் போகிறாள். வீட்டுக்கு வர மாலை ஆகிவிடும்.