ஒரே கோடு, இரண்டு நெகிழ்ச்சி

பதினோராம் வகுப்பு மாணவரிடம் இரண்டு தேவைக் கோடுகளைக் காட்டி, எதில் நெகிழ்ச்சி அதிகம் என்று கேட்டால், தட்டையான கோட்டைத்தான் தொட்டுக் காட்டுவார். செங்குத்தானது நெகிழ்ச்சி குறைந்தது என்பார். பாடத்தின் தொடக்கத்தில் பார்த்த படங்கள் அப்படி. முழு நெகிழ்ச்சிக்குப் படுக்கைக் கோடு, நெகிழ்ச்சியே இல்லாத தேவைக்கு நேர்நிற்கும் கோடு. அந்த இரண்டு எல்லைகளிலும் அது சரி. நடுவில் உள்ள சாய்ந்த கோடுகளுக்கும் அதையே பொருத்தினால்தான் விடை தவறிப்போகிறது.

ஒரு வடைக் கடையை எடுத்துக்கொள்வோம். வடை 5 ரூபாய் என்றால் நாளுக்கு 90 விற்கும். விலையை ஒரு ரூபாய் ஏற்றும்போதெல்லாம் விற்பனையில் 6 குறையும். இதைப் படமாக வரைந்தால் ஒரே நேர்கோடு. எந்த இடத்திலும் அதன் சரிவு மாறாது.

5 ரூபாயை 6 ஆக்குகிறார் கடைக்காரர். விலை 20 சதவீதம் ஏறியது. விற்பனை 90இலிருந்து 84 ஆனது. குறைவு ஏறக்குறைய 7 சதவீதம்தான். தேவை நெகிழ்ச்சி குறைந்தது. கல்லாவில் 450 ரூபாய் விழுந்த இடத்தில் இப்போது 504 விழுகிறது.

அதே கடையில் வடை 15 ரூபாய் என்றால் விற்பது 30. அதை 16 ஆக்கினால் விலையேற்றம் ஏறக்குறைய 7 சதவீதம். விற்பனையோ 24 ஆகிறது. 20 சதவீதச் சரிவு. இங்கே தேவை நெகிழ்ச்சி மிகுந்தது. வரவு 450இலிருந்து 384க்கு இறங்கிவிட்டது.

இரண்டு முறையும் ஏறியது ஒரு ரூபாய், குறைந்தது 6 வடை. கோடு சொல்வது இந்த ரூபாய்க் கணக்கையும் எண்ணிக்கையையும் மட்டுமே. நெகிழ்ச்சி கேட்பது சதவீதத்தை. 90இல் 6 போவதும் 30இல் 6 போவதும் ஒன்றல்ல. அதனால்தான் கோட்டின் மேல்பகுதியில் நெகிழ்ச்சி மிகுந்தும், கீழ்ப்பகுதியில் குறைந்தும், சரிபாதியில், அதாவது 10 ரூபாயில், சரியாக ஒன்றாகவும் இருக்கிறது. வரவு உச்சத்தைத் தொடுவதும் அங்கேதான்: 600 ரூபாய்.

கோட்டின் தோற்றத்தை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே படத்தில் விலை அச்சை நெருக்கி வரைந்தால் கோடு தட்டையாகிவிடும். இழுத்து வரைந்தால் செங்குத்தாக நிற்கும். வடை வாங்குபவர் எவரும் மாறவில்லை, சதவீதமும் மாறவில்லை.

தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. ஒரே படத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால், வெட்டும் புள்ளியில் விலையும் அளவும் இரண்டுக்கும் பொது. அந்தப் புள்ளியில் தட்டையான கோட்டுக்கே நெகிழ்ச்சி அதிகம். கேள்வித்தாளில் அப்படியொரு புள்ளி தரப்படவில்லை என்றால், விலையையும் அளவையும் எடுத்துச் சதவீதம் போட்டுப் பார்த்த பிறகே விடை எழுத வேண்டும்.